கூட்டுத்தொகை சரி, விடை பிழை: இரண்டு ஸ்பான் பீம் ஒன்றைக் கையால் சரிபார்த்த விதம்

யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கத்து மாடி வீடு ஒன்றின் கீழ்த்தள விறாந்தைக்கும் அறைக்கும் மேலே ஒரே நேராக 9 மீற்றர் ஓடும் கொங்கிறீற் பீம் இது. இரண்டு முனையும் 9 அங்குலச் சீமெந்துக்கல் சுவரில் பதித்த தாங்கு கல்லில் இருக்கின்றன. நடுவில் 9 அங்குலத்துக்கு 9 அங்குலத் தூண் ஒன்று. முன்முனையை A, தூணை B, பின்முனையை C என்று வைத்தால், AB 5 மீற்றர், BC 4 மீற்றர். பீம் 225 மில்லிமீற்றர் அகலம், சிலாப்பையும் சேர்த்து 450 மில்லிமீற்றர் உயரம். AB இன் மேலே மாடியறைச் சுவர் வருகிறது, BC இன் மேலே சுவர் இல்லை.

கணினியில் A, C இரண்டும் சுழல விடும் தாங்கிகளாகவும், B இல் 3.3 மீற்றர் உயரத் தூண் ஓர் உறுப்பாகவும் கொடுக்கப்பட்டிருந்தன. வந்த விடையில் பீமின் அடிக்கம்பி வழக்கத்துக்கு மாறாகக் கனத்திருந்தது. கம்பி அட்டவணை மேசனுக்குப் போகுமுன் கையால் பார்க்கத் தொடங்கியது அதனால்தான். கீழே கிலோநியூற்றனைக் கி.நி. என்றும், பீமை வளைக்கும் திருப்பத்தின் அலகைக் கி.நி.மீ. என்றும் எழுதியிருக்கிறது.

சுமையைக் கணினியைப் பார்க்காமல் எடுத்தல்

சரிபார்ப்புக்கு வேண்டிய சுமையைக் கணினிக் கோப்பிலிருந்து எடுக்கக்கூடாது. அங்கே பிழை இருந்தால் அதே பிழை கைக்கணக்குக்கும் வந்துவிடும். வரைபடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இந்தப் பீமுக்கு இரு பக்கமும் சேர்த்து 3 மீற்றர் அகலச் சிலாப் வந்து சேர்கிறது. 125 மில்லிமீற்றர் சிலாப் சதுர மீற்றருக்கு 3 கி.நி., தரைப்பூச்சும் ஓடும் 1 கி.நி. ஆக மீற்றருக்கு 12. சிலாப்புக்குக் கீழே தொங்கும் பீமின் சுயநிறை 1.75. மாடிச் சுவர் 6 அங்குலக் கல், இரு பக்கமும் பூச்சு, 2.6 மீற்றர் உயரம், மீற்றருக்கு ஏறத்தாழ 9. பாவனைச் சுமை சதுர மீற்றருக்கு 1.5, அதாவது மீற்றருக்கு 4.5. இங்கே இன்னும் பலர் பயன்படுத்தும் BS 8110 என்ற பிரித்தானியக் கொங்கிறீற் விதிநூலின்படி நிலையான சுமையை 1.4 ஆலும் பாவனைச் சுமையை 1.6 ஆலும் பெருக்கினால்:

```
AB:  1.4 x 22.75 + 1.6 x 4.5 = 39.05  ->  39   kN/m
BC:  1.4 x 13.75 + 1.6 x 4.5 = 26.45  ->  26.5 kN/m
மொத்தம் = 39 x 5 + 26.5 x 4 = 195 + 106 = 301 kN
```

முதல் சோதனை இந்த 301 தான். மூன்று தாங்கிகளும் மேல்நோக்கித் தரும் மறுதாக்கங்களின் கூட்டுத்தொகை இதற்குச் சமமாக வரவேண்டும். முதல் ஓட்டத்தில் வந்தது 331.6. வித்தியாசம் 30.6. இப்படி ஒரு வித்தியாசம் வந்தால் அதைப் பீமின் நீளத்தால் வகுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். 30.6 ஐ 9 ஆல் வகுத்தால் 3.4, அதை 1.4 ஆல் வகுத்தால் 2.43. அது 0.225 x 0.45 x 24, அப்படியே பீமின் முழுச் சுயநிறை. பீமின் நிறையைக் கையால் சுமையில் சேர்த்தது போக, மென்பொருளும் தானாக ஒரு தடவை சேர்த்திருக்கிறது. தானாகச் சேர்க்கும் தெரிவை நிறுத்தியதும் கூட்டுத்தொகை 301 க்கு வந்தது.

இந்த இடத்தில் பலர் நிறுத்திவிடுவார்கள். ஆனால் கூட்டுத்தொகை ஒத்துவருவதால், சுமை முழுவதும் எங்கேயோ ஒரு தாங்கிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது மட்டுந்தான் தெரியவரும். எந்தத் தாங்கிக்கு எவ்வளவு என்பது தெரியாது. பீமின் விறைப்பும் தாங்கியின் விறைப்பும் தலைகீழாக இருந்தாலும் கூட்டுத்தொகை ஒத்துவரும்.

சோதனையை ஒரே ஒரு சுமைச்சேர்க்கைக்குத்தான் செய்யவேண்டும் என்பதையும் சொல்லிவைக்கலாம். எல்லாச் சேர்க்கைகளிலும் வரும் உச்ச மறுதாக்கங்களைத் தொகுத்துத் தரும் அட்டவணையை எடுத்துக் கூட்டினால் அது எந்தச் சுமைக்கும் சமமாக வராது. A இன் உச்சம் ஒரு சேர்க்கையிலும் C இன் உச்சம் வேறொன்றிலும் வந்திருக்கும்.

எல்லைகளை அமைத்தல்

நடுத்தாங்கித் திருப்பத்தைச் சரியாகக் கணிக்கச் சமன்பாடு உண்டு. ஆனால் சரிபார்ப்புக்குச் சரியான விடை தேவையில்லை, விடை எந்த இரண்டு எண்ணுக்கு நடுவில் இருக்கவேண்டும் என்பது போதும். அதை ஒரு கடித உறையின் பின்புறத்தில் போட்டுவிடலாம்.

B இல் பீமைச் சுழல விடாமல் இறுக்கிப் பிடித்ததாக நினைப்போம். அப்போது AB, BC இரண்டும் ஒன்றையொன்று பாதிக்காத தனித்தனிப் பீம்கள். ஒவ்வொன்றும் ஒரு முனை சுழலும், மறுமுனை இறுக்கிய பீம். மீற்றருக்கான சுமை w, இரு தாங்கிகளுக்கு இடையிலான ஸ்பானின் நீளம் L என்றால், இறுக்கிய முனையில் வரும் திருப்பம் wL²/8.

```
AB பக்கம்:  39   x 25 / 8 = 121.9 kNm
BC பக்கம்:  26.5 x 16 / 8 =  53.0 kNm
```

இப்போது பிடியை விடுகிறோம். பெரிய திருப்பமுள்ள AB பக்கம் மூட்டைத் தன் பக்கம் சுழற்றும். சுழலச் சுழல AB இன் திருப்பம் 121.9 இலிருந்து இறங்கும், BC இனது 53 இலிருந்து ஏறும். இரண்டும் சமமாகும் இடத்தில் நிற்கும். ஆகவே B இல் பீமின் மேற்பக்கத்தை இழுக்கும் திருப்பம் 53 க்கும் 121.9 க்கும் நடுவில்தான் இருக்கமுடியும். தூண் கொஞ்சத் திருப்பத்தை வாங்கினாலும் இது பொய்க்காது. அப்போது இரு பக்கத்து எண்களும் ஒன்றாகாமல் சற்று விலகி நிற்கும், ஆனால் இரண்டும் இதே எல்லைக்குள் இருக்கும்.

இந்த ஓர் எல்லையிலிருந்து மற்ற எல்லாம் வந்துவிடும். B இல் திருப்பமே இல்லாவிட்டால் மறுதாக்கம் A இல் 97.5, C இல் 53 கி.நி. வரும். B இன் திருப்பம் AB இல் 5 ஆல் வகுபட்டு A இலிருந்து கழிகிறது, BC இல் 4 ஆல் வகுபட்டு C இலிருந்து கழிகிறது. கழிந்தது எல்லாம் B க்குப் போகிறது. AB இன் நடுப்பகுதியில் அடிப்பக்கத்தை இழுக்கும் உச்சத் திருப்பம் A இன் மறுதாக்கத்தின் வர்க்கத்தை 2w ஆல் வகுத்தது. இரண்டு முனை எண்களையும் போட்டு எடுத்த எல்லைகளும், கூட்டுத்தொகை சரியான பிறகு கணினி தந்த விடையும் இவை:

| கணியம் | கீழ் எல்லை | மேல் எல்லை | கணினி |
|---|---|---|---|
| A மறுதாக்கம் (கி.நி.) | 73.1 | 86.9 | 115.8 |
| B மறுதாக்கம் (கி.நி.) | 174.4 | 205.4 | 109.4 |
| C மறுதாக்கம் (கி.நி.) | 22.5 | 39.7 | 75.9 |
| B இல் திருப்பம் (கி.நி.மீ.) | 53 | 121.9 | 91.4 |
| AB இல் உச்ச அடித்திருப்பம் (கி.நி.மீ.) | 68.5 | 96.8 | 171.9 |

மறுதாக்கங்களைக் கூட்டினால் 301.1. தசமத்தைச் சுருக்கியதால் வந்த 0.1 ஐ விட்டால் கூட்டுத்தொகை சரி.

இங்கே ஒரு குறுக்குவழியைப் பற்றிச் சொல்லவேண்டும். முனை மறுதாக்கம் 3wL/8 க்கும் wL/2 க்கும் நடுவில் இருக்கும் என்று பலர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். நீளமான, சுமை கூடிய ஸ்பானுக்கு அது பொருந்தும். குறுகிய ஸ்பானுக்குப் பொருந்தாது. C க்கு 3wL/8 என்றால் 39.75. ஆனால் AB பலமாக மூட்டைச் சுழற்றுவதால் C இன் உண்மையான மறுதாக்கம் அதைவிடக் குறைவாகத்தான் வரும். அந்த எண்ணைக் கீழ் எல்லையாக வைத்தவர் சரியான விடையைப் பிழை என்று ஒதுக்கிவிடுவார். AB இன் சுமை இன்னும் கூடிப் போனால் C இல் பீம் மேலே கிளம்பப் பார்க்கும் நிலைகூட வரலாம்.

91.4 தந்த ஏமாற்று

அட்டவணையில் நான்கு எண்கள் எல்லைக்கு வெளியே, ஒன்று மட்டும் உள்ளே. B இல் 91.4 அழகாக எல்லையின் நடுவில் நிற்கிறது. சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தால் அசையாத தாங்கிகளில் B இன் சரியான திருப்பம் 91.3. நடுத்தாங்கித் திருப்பத்தை மட்டும் பார்த்தவர் கணினி மிகத் துல்லியம் என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்.

ஆனால் கணினியின் 91.4 க்கு எதிர்க்குறி. அங்கே பீமின் அடிப்பக்கம் இழுபடுகிறது, சரியான விடையில் மேற்பக்கம் இழுபடவேண்டும். இரண்டு எண்களும் ஒத்துவந்தது முழுக்க முழுக்கத் தற்செயல். அட்டவணையில் பருமனை மட்டும் வாசிப்பதால் வரும் ஆபத்து இதுதான். திருப்பத்துக்கு எந்தக் குறி எந்தப் பக்கம் என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். மறுதாக்கத்தில் அந்தக் குழப்பம் குறைவு, மேல்நோக்கிய தாங்கல் எல்லாருக்கும் மேல்நோக்கியதுதான். அதனால் எல்லைச் சோதனையை மறுதாக்கத்தில் தொடங்கி, திருப்பத்தைப் பிறகு பார்ப்பது பாதுகாப்பானது.

எல்லைகளில் இன்னும் கரடுமுரடான ஒன்றும் இங்கே போதுமாயிருந்தது. AB ஐத் தனிப் பீமாக இரண்டு முனையில் வைத்தால்கூட உச்சத் திருப்பம் wL²/8 = 121.9 தான். அசையாத தாங்கிகளில் ஓடும் இப்படிப்பட்ட இரண்டு ஸ்பான் பீமுக்கு, சுமை எல்லா இடமும் கீழ்நோக்கி இருக்கும்வரை, ஸ்பானின் நடுவில் அதைவிடக் கூட வரவே முடியாது. 171.9 வந்திருக்கிறது. A இன் மறுதாக்கமும் தனிப் பீமின் 97.5 ஐத் தாண்டி 115.8. தாங்கியாக இருக்கவேண்டிய B தாங்காமல் கீழே இறங்கினால்தான் இது நடக்கும்.

பிழை எங்கே என்று தேடுதல்

B இறங்குகிறதா என்பதை இடப்பெயர்ச்சி அட்டவணையில் பார்க்கலாம். B இல் கீழ்நோக்கி 28.5 மில்லிமீற்றர் என்று இருந்தது. வீட்டுத் தூண் ஒன்றின் தலை இவ்வளவு சுருங்காது. எவ்வளவு சுருங்கவேண்டும் என்பதையும் கணக்குப் போடலாம். தூணில் வந்த விசையை இறக்கத்தால் வகுத்தால் கணினி நினைக்கும் தூணின் விறைப்பு. வரைபடத் தூணின் விறைப்பு EA/H. இங்கே A தூணின் குறுக்குவெட்டுப் பரப்பு, H அதன் உயரம், கொங்கிறீற்றின் யங்கின் மட்டு E சதுர மில்லிமீற்றருக்கு 25 கி.நி.

```
கணினியில்:   109.4 / 28.5          =   3.84 kN/mm
வரைபடத்தில்: 25 x 225 x 225 / 3300 = 383.5  kN/mm
```

சரியாக 100 மடங்கு வித்தியாசம். இந்த விகிதமே பிழையைச் சொல்லிவிடுகிறது. E இல் அலகு மாறியிருந்தால் பெரும்பாலும் 1000 மடங்கு வித்தியாசம் வரும். உயரத்தில் 100 மடங்கு வர நியாயமில்லை. பரப்பு 100 மடங்கு குறைய வேண்டுமென்றால் பக்க அளவு 10 மடங்கு குறைந்திருக்க வேண்டும். தூணின் குறுக்குவெட்டைத் திறந்து பார்த்தால் மில்லிமீற்றர் கேட்ட பெட்டிகளில் 22.5, 22.5 என்று இருந்தது. கைவரைபடத்தில் சென்ரிமீற்றரில் எழுதியதை அப்படியே தட்டியிருக்கிறார்கள். திரையில் தூண் ஒரு கோடாகத்தான் தெரியும், ஆகவே கண்ணால் பிடிபடாது. உறுப்புகளைத் தடிப்போடு காட்டும் தெரிவைப் போட்டிருந்தால் பீமின் கீழே ஈர்க்குப் போல ஒரு தூண் நின்றிருக்கும்.

225 என்று திருத்தி ஓடவிட்ட பிறகு A 79.4, B 189.9, C 31.7 என்று வந்தது, கூட்டுத்தொகை 301.0. B இல் மேற்பக்க இழுவைத் திருப்பம் AB பக்கம் 90.5, BC பக்கம் 85.1. இரண்டுக்கும் இடையிலான 5.4 தூணுக்குள் போகிறது, மூட்டுச் சமநிலைக்கு அது ஒத்துவருகிறது. AB இன் உச்ச அடித்திருப்பம் 80.8. எல்லாம் எல்லைக்குள். C இன் 31.7, முன்னே சொன்ன 39.75 என்ற குறுக்குவழி எல்லைக்கு நன்றாகவே கீழே இருப்பதையும் கவனிக்கலாம்.

கடைசியாக ஒரு சோதனை மிச்சம். சீரான சுமையுள்ள எந்த ஸ்பானிலும், நடுப்புள்ளியில் உள்ள அடித்திருப்பத்தோடு இரு முனையின் மேல்திருப்பங்களின் சராசரியைக் கூட்டினால் wL²/8 வந்தாகவேண்டும். AB இல் நடுப்புள்ளித் திருப்பம் 79.4 x 2.5 − 39 x 2.5²/2 = 76.6. A இல் திருப்பம் பூச்சியம், B இல் 90.5, சராசரி 45.3. கூட்டினால் 121.9. உச்சத் திருப்பத்தை நடுப்புள்ளித் திருப்பமாக எடுத்தால் இது ஒத்துவராது. இந்தப் பீமில் உச்சம் A இலிருந்து 2.04 மீற்றரில் இருக்கிறது. இந்தச் சோதனையும் வெறும் சமநிலைதான் என்பதை மறக்கக்கூடாது. பிழையான முதல் விடையும் இதில் சித்தியடைந்திருக்கும். சுமை அந்த ஸ்பானில் சரியாக ஏறியிருக்கிறதா என்பதைத்தான் இது காட்டும்.

கம்பியில் என்ன மாறியது

25 தரக் கொங்கிறீற், 460 தரக் கம்பி, பயன்படும் ஆழம் 400 மில்லிமீற்றர் என்று எடுத்தால், B க்கு மேலே 90.5 கி.நி.மீ. க்கு ஏறத்தாழ 594 சதுர மில்லிமீற்றர் மேற்கம்பி வேண்டும். T16 மூன்று போட்டால் 603, போதும். பிழையான விடையில் B இல் மேற்பக்க இழுவையே இல்லாததால், வளையம் கட்டுவதற்கான T12 இரண்டு மட்டுமே அங்கே ஓடியிருக்கும். அது 226 சதுர மில்லிமீற்றர், வேண்டியதில் பாதிக்கும் குறைவு. அதே நேரம் AB இன் அடியில் 171.9 க்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சதுர மில்லிமீற்றர் கம்பி கேட்டிருக்கும், அது தேவையானதில் இரு மடங்கு.

அப்படிக் கட்டியிருந்தால் பீம் உடனே விழாது. B க்கு மேலே வெடித்து, சுமை அடிக்கம்பிக்கு மாறும். வெடிப்பு பீமின் மேற்பக்கத்தில், தரையோட்டுக்கு அடியில், சுவர் முடியும் இடத்துக்கு நேரே வரும். ஓடு வெடிப்பதும், சுவர்ப்பூச்சு அந்த இடத்தில் கோடு விடுவதும்தான் வெளியே தெரியும். காரணத்தைக் கண்டுபிடிக்கப் பல வருடம் போகலாம். அதைவிடத் தூணும் அத்திவாரமும் 189.9 வரும் இடத்தில் 109.4 க்குக் கணக்கிடப்பட்டிருக்கும். அதை யாரும் பிறகு போய்ப் பார்ப்பதில்லை.

எல்லைகள் எப்போது பொருந்தாது

A யும் C யும் சுவரில் சும்மா இருக்காமல் தூண்களோடு இறுகியிருந்தால் கீழ் எல்லை இறங்கும். முனைகள் முழுமையாக இறுகிய நிலையில் B இல் வரும் திருப்பம் wL²/12. BC க்கு அது 35.3. அப்போது B இன் எல்லையை 35.3 இலிருந்து 121.9 வரை விரித்துக்கொள்ளவேண்டும். முனைகளில் வரும் மேல்திருப்பத்துக்கும் கம்பி பார்க்கவேண்டும்.

B தூணில் இல்லாமல் இன்னொரு பீமின் மேல் இருந்தால், கீழே கார் நிறுத்தத் தூணை எடுத்துவிட்ட வீடுகளில் இது அடிக்கடி வரும், அந்தப் பீம் வளைவதால் B உண்மையாகவே இறங்கும். எல்லைக்கு வெளியே வரும் விடை அங்கே பிழையாக இருக்கவேண்டியதில்லை. இறக்கத்தை எடுத்து, குறுக்குப் பீமின் விறைப்போடு ஒத்துவருகிறதா என்று பார்க்கவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் அத்திவாரத்தையும் இதே கண்ணோடு பார்க்கவேண்டியிருக்கிறது. சுண்ணாம்புக்கல் சில இடங்களில் ஒரு முழத்தில் கிடைக்கும், சில இடங்களில் செம்மண் ஆழமாக இருக்கும், ஒரே காணிக்குள்ளேயே மாறும். சுவர் அத்திவாரம் கல்லிலும் தூண் அத்திவாரம் மண்ணிலும் இருந்தால் B மட்டும் இறங்கும். எவ்வளவு இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் இந்தப் பீமிலேயே விடை இருக்கிறது. B இல் 1 கி.நி. மேலே தள்ளினால், A க்கும் C க்கும் மட்டும் இடையில் ஓடும் 9 மீற்றர் பீம் 0.347 மில்லிமீற்றர் கிளம்பும். திருப்பத்தை 91.3 இலிருந்து கீழ் எல்லையான 53 க்குக் கொண்டுவர B இன் மறுதாக்கம் 17.2 குறையவேண்டும். அதற்கு 6 மில்லிமீற்றர் இறக்கம் போதும். வெடித்த கொங்கிறீற்றின் விறைப்பைப் பாதியாக எடுத்தால் 12 மில்லிமீற்றர். இரண்டும் செம்மண்ணில் சாதாரணமாக வரக்கூடிய அளவு. அந்த இறக்கத்தில் AB இன் அடித்திருப்பம் 96.8 வரை ஏறும். இந்தப் பீமில் அடிக்கம்பியை 80.8 க்கு வைக்காமல் 96.8 க்கு வைத்து, மேற்கம்பியை 90.5 க்கே விட்டால், தூண் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் இரண்டு இடமும் தாங்கும். கூடுதலாகப் போவது AB இன் அடியில் ஒரு கம்பி மட்டுந்தான்.